பிள்ளையின் முதல் வங்கிக் கணக்கு: பாஸ்புக் படிப்பதும் பாக்கெட் மணி கணக்கு எழுதுவதும்

வங்கிக் கவுண்டரில் வேலை பார்ப்பவள் நான். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும், உதவித்தொகை வரும் மாதங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கும்போது பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கை மனதில் வைத்து எழுதியது இது.

பத்து வயசு ஆயிட்டா பிள்ளையே கணக்கை நடத்தலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். பத்து வயது முடிந்த பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த உத்தரவும் இதையே சொல்கிறது. எவ்வளவு தொகை வரை, என்னென்ன வசதிகளோடு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். அதனால்தான் ஒரு வங்கியில் ஏடிஎம் கார்டு தருகிறார்கள், இன்னொன்றில் மறுக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ காப்பாளராக இருந்து நடத்த வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் ஒன்று பொது. சிறார் கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. பிள்ளை தெரியாமல் கடனாளியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

பாஸ்புக்கைத் திறந்தா ஒரே எண்ணா இருக்கு. எதிலிருந்து ஆரம்பிச்சு சொல்லிக்கொடுக்கறது?

கடைசிப் பத்தியிலிருந்து. இடமிருந்து வலமாகத் தேதி, விவரம், எடுத்தது, போட்டது, இருப்பு என்று வரும். நடுவில் காசோலை எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கலாம், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். பெரும்பாலானவர்கள் விவரப் பத்தியில் ஆரம்பித்து, அங்கே உள்ள சுருக்கெழுத்துகளைப் பார்த்து மிரண்டு மூடிவைத்துவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
DATE   PARTICULARS    DEBIT    CREDIT   BALANCE
01-09  B/F                              1240.00 Cr
02-09  BY TRANSFER             800.00   2040.00 Cr
05-09  ATM WDL        500.00            1540.00 Cr
12-09  POS            185.00            1355.00 Cr
16-09  ATM WDL        500.00             855.00 Cr
20-09  BY CASH                 200.00   1055.00 Cr
25-09  SMS CHRG        17.70            1037.30 Cr
30-09  INT                       7.00   1044.30 Cr
```

இருப்புப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒரு தாளால் மறையுங்கள். 1,240 எப்படி 2,040 ஆனது? 800 கூடியிருக்கிறது. 2,040 எப்படி 1,540 ஆனது? 500 குறைந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று பிள்ளையே சொல்லட்டும். பிறகு தாளை எடுத்துவிட்டுச் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய இருப்போடு இந்த வரியைக் கூட்டினாலோ கழித்தாலோ அடுத்த இருப்பு வரும், இதுதான் பாஸ்புக்கின் இலக்கணம் முழுவதும். இது பிடிபட்ட பிறகு சுருக்கெழுத்துக்கு வரலாம்.

BY, TO, WDL, B/F ன்னு இருக்கே, இதெல்லாம் என்ன?

மேலே உள்ள மாதிரியை வைத்தே சொல்கிறேன். `B/F` என்றால் முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு. பக்கம் முடியும்போது அடியில் `C/F` என்று இருக்கும், அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும் இருப்பு. இரண்டும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். `BY` என்று ஆரம்பித்தால் பணம் உள்ளே வந்தது, `TO` என்று ஆரம்பித்தால் வெளியே போனது. `BY CASH` ரொக்கமாகக் கட்டியது, `BY TRANSFER` இன்னொரு கணக்கிலிருந்து வந்தது. `ATM WDL` ஏடிஎம்மில் எடுத்தது. `POS` கடையில் கார்டைத் தேய்த்தது. `INT` வட்டி, `CHRG` கட்டணம், `REV` தவறாகக் கழித்ததைத் திரும்பப் போட்டது.

யுபிஐ வரிகள்தான் நீளமாக இருக்கும். `UPI/DR/` என்று தொடங்கினால் போன பணம், `UPI/CR/` என்றால் வந்த பணம். அடுத்து வரும் 12 இலக்க எண் அந்தப் பரிவர்த்தனையின் அடையாளம். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஏதாவது புகார் செய்ய வேண்டுமென்றால் அந்த 12 இலக்க எண்தான் தேவைப்படும், பிள்ளையிடம் அதை மட்டும் காட்டி வையுங்கள். ஒவ்வொரு வங்கியும் கொஞ்சம் வேறு மாதிரி அச்சிடும். உங்கள் பாஸ்புக்கில் புரியாத சுருக்கம் இருந்தால் பென்சிலால் வட்டமிட்டுக் கவுண்டரில் கேளுங்கள். கேட்பது பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

டெபிட்னா கடன்னு ஸ்கூல்ல படிச்சிருக்கா. அப்ப கிரெடிட்னு போட்டா நல்லதா கெட்டதா?

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்த பிள்ளைகளிடம் இந்தக் குழப்பம் அதிகம். அவர்கள் பாடத்தில் ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதுவார்கள். பாஸ்புக்கில் பணம் உள்ளே வந்தால் கிரெடிட், அதாவது வரவு. தலைகீழாகத் தெரிகிறது.

காரணம், பாஸ்புக் வங்கி எழுதும் ஏடு. நம் மகள் 800 ரூபாய் போட்டால் வங்கி அவளுக்கு 800 ரூபாய் தர வேண்டியதாகிறது. வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அவளுக்குச் சேர வேண்டிய தொகை, அதனால் வரவு. இருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் `Cr` என்பதற்கும் அதே பொருள்தான், இவ்வளவை வங்கி இவளுக்குத் தர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். டெபிட் போனது, கிரெடிட் வந்தது என்றால் போதும்.

யாருமே போடாத ஏழு ரூபாய் வந்திருக்கு. அது என்ன?

வட்டி. சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு நாளின் இறுதி இருப்புக்கும் வட்டி கணக்கிடுகிறார்கள். 2010 ஏப்ரலிலிருந்து இந்த முறைதான். பெரும்பாலான வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரவு வைக்கின்றன. ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பையனின் கணக்கில் ஜூலை முதல் செப்டம்பர் வரை சராசரியாக 1,100 ரூபாய் இருந்தது. 1,100க்கு ஒரு வருடத்துக்கு 27 ரூபாய் 50 காசு. மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 90 காசு. முழு ரூபாயாக்கி ஏழு.

இந்தக் கணக்கைப் பிள்ளையையே போட வையுங்கள். பாடத்தில் தனிவட்டி படித்த பிள்ளைக்கு, தன் பெயரில் வந்த ஏழு ரூபாயைத் தானே கணக்கிட்டுச் சரிபார்ப்பது பெரிய விஷயம். வட்டி இவ்வளவு குறைவா என்று அடுத்து கேட்கும். கேட்டால் தொடர் வைப்பு பற்றிச் சொல்லலாம், கேட்காவிட்டால் அவசரமில்லை.

அந்த 17.70 எதுக்கு? சின்னப் பசங்க கணக்குலயும் பிடிப்பாங்களா?

குறுஞ்செய்திக் கட்டணம். மூன்று மாதத்துக்கு 15 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. சில வங்கிகள் சிறார் கணக்குக்கு இதைப் பிடிப்பதில்லை, சில பிடிக்கின்றன. கணக்கு தொடங்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: குறுஞ்செய்திக்கு உண்டா, கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமா?

முழு ரூபாயாக இல்லாமல் காசோடு வரும் கழிவு தெரிந்தால் அது பெரும்பாலும் கட்டணம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். தொகையை 1.18 ஆல் வகுத்தால் வரி நீங்கிய முழுத்தொகை வரும். 17.70ஐ வகுத்தால் 15. இப்படி வகுத்தபோது முழு எண் வந்தால் அது வங்கிக் கட்டணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வங்கியே எல்லாம் அச்சடிச்சுத் தருதே, தனியா நோட்டு எழுதணுமா?

எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பாஸ்புக், பணம் வங்கியை விட்டு எப்போது வெளியே போனது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே போனது என்று சொல்லாது. மேலே உள்ள பக்கத்தை மறுபடி பாருங்கள். மாதம் முழுவதும் போன தொகை 1,202 ரூபாய் 70 காசு. அதில் ஆயிரம் ரூபாய் இரண்டு `ATM WDL` வரிகளில் அடங்கிவிட்டது. ஐந்தாம் தேதி எடுத்த 500 ரூபாய் பஞ்சர் ஒட்டப் போனதா, பரோட்டாவுக்குப் போனதா, பையிலேயே கிடக்கிறதா என்று வங்கிக்குத் தெரியாது.

பல பெற்றோர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு "ஆயிரம் ரூபா செலவு பண்ணியிருக்கியே" என்று பிள்ளையைக் கேட்பதைக் கவுண்டரிலேயே கண்டிருக்கிறேன். அது செலவு இல்லை. வங்கியில் இருந்த பணம் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கைக்கு வந்த பிறகு நடப்பதை எழுதத்தான் நோட்டு. இந்த வித்தியாசம் பெற்றோருக்கு முதலில் புரிய வேண்டும், பிள்ளைக்குத் தானாகவே வந்துவிடும்.

நோட்டுல என்னென்ன எழுதணும்? ரெண்டு நாள் எழுதிட்டு விட்டுடறான்.

நிறைய எழுதச் சொல்வதால்தான் விட்டுவிடுகிறான். படிப்பு, உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று எட்டு தலைப்பு போட்டுத் தந்தால் பெரியவர்களே எழுத மாட்டார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு பத்திகள்: தேதி, என்ன, வந்தது, போனது. பிள்ளையின் கையில் இருக்கும் ரொக்கத்துக்கு மட்டுமே இந்த நோட்டு. ஏடிஎம்மில் எடுத்தால் "ஏடிஎம் 500" என்று வந்தது பத்தியில் வரும். அத்தை கொடுத்த நூறும் அங்கேதான். கடையில் கொடுத்தது போனது பத்தியில். கார்டு தேய்த்து வாங்கிய 185 ரூபாய் ஜாமெட்ரி பாக்ஸ் இந்த நோட்டில் வராது, அது பாஸ்புக்கில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டிலும் எழுதினால் கணக்கு இடிக்கும்.

பேருந்து, டீ, பஜ்ஜி போன்ற பத்து இருபது ரூபாய்ச் செலவுகளைத் தனித்தனியாக எழுத வற்புறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து "இந்த வாரச் சில்லறை" என்று ஒரே வரியில் போடலாம். ஐம்பது ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் அன்றே எழுத வேண்டும் என்ற ஒரு விதி போதும். தொகையை உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். போனில் எழுதினால் தவறில்லை, ஆனால் எழுதுவதற்காகப் போனை எடுத்த பிள்ளை வேறெதையோ பார்க்கப் போய்விடுவதால் நான் நோட்டையே சொல்வேன்.

மாசக் கடைசியில ரெண்டையும் எப்படி ஒத்துப் பார்க்கறது?

முதலில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாருங்கள். பிறகு மூன்று வேலை. அந்தப் பையனின் செப்டம்பரையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, பாஸ்புக்கைச் சரிபார்ப்பது. தொடக்கத்தில் 1,240. வந்தவை 800, 200, 7, கூட்டினால் 1,007. போனவை 500, 185, 500, 17.70, கூட்டினால் 1,202.70. 1,240உடன் 1,007ஐக் கூட்டி 1,202.70ஐக் கழித்தால் 1,044.30. கடைசி வரியும் அதுதான். ஒவ்வொரு வரிக்கும் நேரே பென்சிலால் ஒரு டிக். எந்த வரிக்கு "இது என்னது?" என்று பிள்ளை நிற்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இரண்டாவது வேலை, பாஸ்புக்கின் ஏடிஎம் வரிகளும் நோட்டின் ஏடிஎம் வரிகளும் ஒன்றா என்று பார்ப்பது. இரண்டு ஐந்நூறுகள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. இருபதாம் தேதி பாட்டி கொடுத்த 200ஐ அன்றே வங்கியில் கட்டிவிட்டான். அது நோட்டில் வந்தது 200, போனது 200 என்று இரண்டு பத்தியிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தவறவிடும் வரி இதுதான்.

மூன்றாவது, கையில் உள்ளதை எண்ணுவது. மாதத் தொடக்கத்தில் பையில் 60 ரூபாய் இருந்தது. ஏடிஎம்மில் எடுத்தது 1,000. ஆக 1,060. நோட்டில் உள்ள செலவுகள்: வாரச் சில்லறை 210, சைக்கிள் டியூப் மாற்றியது 120, நண்பன் பிறந்தநாளுக்கு 150, ஜெராக்ஸும் சார்ட்டும் 75, வெளியே சாப்பிட்டது 185, ஒருவனுக்குக் கடனாகக் கொடுத்தது 100. மொத்தம் 840. பையில் 220 ரூபாய் இருக்க வேண்டும். பர்ஸ், பென்சில் பாக்ஸ், பேன்ட் பை எல்லாவற்றையும் கவிழ்த்து எண்ணினால் 145தான் இருக்கிறது. 75 ரூபாய் இடிக்கிறது.

அப்படி இடிக்கிற பணத்தை என்ன பண்றது? கண்டுபிடிச்சே ஆகணுமா?

பத்து நிமிடம் தேடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதலில் கூட்டலை மறுபடி போடுங்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம், 81ஐ 18 என்று எழுதியது போல. இங்கே 75, ஒன்பதால் வகுபடவில்லை, எனவே ஏதோ ஒரு செலவு எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரி இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கிடைக்காவிட்டால் "மறந்தது 75" என்று போனது பத்தியில் எழுதி, கையிருப்பை 145 ஆக்கி, அடியில் கோடு போட்டு மாதத்தை முடியுங்கள். திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த மாதம் "மறந்தது" வரியே இருக்காது, அதற்குப் பதிலாக இல்லாத ஜெராக்ஸ் செலவு ஒன்று முளைத்திருக்கும். கணக்கு சரியாக வருவதைவிட அதில் உண்மை இருப்பது முக்கியம். "மறந்தது" தொகை மாதாமாதம் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஃபிரெண்டுக்குக் கடனா கொடுத்த நூறையும் செலவுன்னு எழுதணுமா?

போனது பத்தியில் எழுத வேண்டும், ஏனென்றால் பையில் இப்போது அந்த நூறு இல்லை. ஆனால் செலவாகவில்லை. அதனால் பக்கத்தின் ஓரத்தில் அவன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு ஒரு வட்டம். திரும்பி வந்ததும் வந்தது பத்தியில் எழுதிவிட்டு வட்டத்தை அடித்துவிடலாம். மாதம் முடிந்து புதுப் பக்கம் திறக்கும்போது அடிக்காத வட்டங்களை மேலே எடுத்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழைய பக்கத்தோடு கடனும் மறந்துபோகும். பிள்ளை வாங்கிய கடனுக்கும் இதே முறைதான், வந்தது பத்தியில் எழுதி வட்டம் போட வேண்டும்.

ஏடிஎம்ல பணமே வரல, ஆனா பாஸ்புக்ல கழிஞ்சிருக்கு. என்ன செய்யணும்?

ஐந்து நாட்களுக்குள் தானாகவே திரும்பி வர வேண்டும். பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வரவு வந்தால் `REV` என்ற வரியில் தெரியும்.

ஏடிஎம் சீட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கப் பிள்ளையிடம் சொல்லுங்கள். சீட்டு வரவில்லை என்றால் எந்த இடத்து ஏடிஎம், எத்தனை மணி என்று நோட்டில் எழுதினால் போதும். வேறு வங்கியின் ஏடிஎம்மாக இருந்தாலும் புகாரைக் கார்டு கொடுத்த வங்கியில்தான் தர வேண்டும். இந்தத் தொகையை நோட்டில் வந்தது என்று எழுதக் கூடாது, கைக்கு வரவே இல்லையே. பாஸ்புக்கில் அந்த வரிக்கு டிக் போடாமல் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

ஆறு மாசம் கழிச்சு என்ட்ரி போட்டா ரெண்டே ரெண்டு வரிதான் வந்துச்சு. மெஷின் தப்பா?

தப்பில்லை. நீண்ட நாள் அச்சிடாமல் விட்டு வரிகள் சேர்ந்துபோனால், சில வங்கிகளில் மொத்த வரவு ஒரு வரி, மொத்தப் பற்று ஒரு வரி என்று சுருக்கி அடித்துவிடும். இருப்பு சரியாக இருக்கும், ஆனால் ஒத்துப் பார்ப்பதற்கு உதவாது. விடுபட்ட காலத்துக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தால் முதல் சனிக்கிழமை, பிள்ளையையே என்ட்ரி போட அனுப்புங்கள். முதல் சனிக்கிழமை வங்கி உண்டு, இரண்டாவதும் நான்காவதும்தான் விடுமுறை. இயந்திரத்தில் போடுவதென்றால் பாஸ்புக்கில் ஒட்டியிருக்கும் பார்கோடு கசங்காமல் இருக்க வேண்டும். கடைசியாக அச்சான பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வரிகள் மேலேயே புது வரிகள் விழுந்துவிடலாம்.

போன்ல கட்டறதெல்லாம் அவ பாஸ்புக்ல வரவே இல்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில் அப்பாவோ அம்மாவோ தன் யுபிஐயில் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை தன் போனில் கட்டினாலும் பணம் பெற்றோரின் கணக்கிலிருந்துதான் போகும். வரி உங்கள் பாஸ்புக்கில் விழும், அவளுடையதில் அல்ல. ஒவ்வொரு முறையும் நீங்கள் அனுமதிக்கும்படியும் வைக்கலாம், மாத வரம்பு போட்டு விட்டுவிடவும் செய்யலாம். இந்தச் செலவை அவள் நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதி, மாதக் கடைசியில் உங்கள் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கைக்காசு நோட்டில் கலந்தால் குழப்பம்தான்.

இன்னொன்று யுபிஐ லைட். இதில் கணக்கிலிருந்து ஒரு தொகையைப் போனில் ஏற்றி வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாகக் கட்டுவார்கள். 500 ரூபாய் ஏற்றினால் பாஸ்புக்கில் அந்த 500 மட்டும் ஒரு வரியாக வரும். பிறகு 20, 35 என்று கட்டுவது எதுவும் வராது. ஆக, இது ஏடிஎம்மில் பணம் எடுத்ததற்குச் சமம். பாஸ்புக் இருக்கும்போது நோட்டு எதற்கு என்ற கேள்விக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்: ஏற்றிய 500 செலவு இல்லை, கையிருப்பு.

உதவித்தொகை ஏறிடுச்சுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க, இந்தப் பாஸ்புக்ல இல்ல. பணம் எங்க போச்சு?

பெரும்பாலும் பிள்ளையின் இன்னொரு கணக்குக்குப் போயிருக்கும். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. அந்த ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு பணம் பெறுவதற்காக இணைக்கப்பட்டதோ அங்கே போகும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அப்படி இருக்க முடியும். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுத்தது வேறு, இந்த இணைப்பு வேறு. ஆறாம் வகுப்பில் பள்ளி மூலம் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருப்பதை எத்தனையோ பேருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

`myaadhaar.uidai.gov.in` தளத்தில் பிள்ளையின் ஆதாரில் உள்நுழைந்து `Bank Seeding Status` என்பதைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அங்கே போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் புது வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் இதை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. புதுக் கணக்கு தொடங்கும் அவசரத்தில் தெரியாமல் இணைப்பை மாற்றிவிட்டு, பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

தெரியாத ஆளிடமிருந்து பணம் வந்திருக்கு. தப்பா வந்துடுச்சு, திருப்பி அனுப்புன்னு ஒருத்தர் போன் பண்றார். அனுப்பலாமா?

பிள்ளை தானாக அனுப்பக் கூடாது. முதலில் பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாஸ்புக்கிலோ வங்கி செயலியிலோ பார்க்க வேண்டும், போனில் வந்த குறுஞ்செய்தியை நம்பக் கூடாது. அதைப் போலியாக அனுப்புவது மிக எளிது. வந்திருந்தால் அந்த வரியின் 12 இலக்க எண்ணோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள், வங்கி வழியாக வந்த கணக்குக்கே திரும்பும். கேட்பவர் உண்மையானவராக இருந்தால் இதை மறுக்க மாட்டார். வேறு எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது திருட்டுப் பணமாக இருக்கலாம்.

"உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, பணம் வந்தால் எடுத்துத் தா, ஆயிரம் ரூபாய் தருகிறேன்" என்று மாணவர்களிடம் கேட்பதும் நடக்கிறது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் காவல்துறை சொன்னதும் கணக்கு முடங்கும், விசாரணைக்கும் போக வேண்டியிருக்கும். பாஸ்புக், கார்டு, ரகசிய எண் எதையும் நண்பனுக்குக்கூடத் தரக் கூடாது என்பதை இந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் திருடு போனால் உடனே 1930க்கு அழைத்துவிட்டு வங்கிக்கும் சொல்ல வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்ததை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. என்ட்ரி போட்டு ஆறு மாதம் ஆன பாஸ்புக்கில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பதினெட்டு முடிஞ்சதும் கணக்கு நின்னுபோச்சு. ஏன்?

சிறார் கணக்கு சாதாரணக் கணக்காக மாற வேண்டும், அதற்குப் பிள்ளை நேரில் வந்து புதுக் கையெழுத்து மாதிரியும் அடையாளச் சான்றுகளும் தர வேண்டும். தரும் வரை பல வங்கிகள் பணம் எடுப்பதை நிறுத்திவைக்கும். காப்பாளராக இருந்தவரின் கையெழுத்து அன்றிலிருந்து செல்லாது. சிறுவயதில் எடுத்த பான் அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது, அதையும் புதுப்பிக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே கிளையில் கேட்டுவைத்தால் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் திண்டாட வேண்டியிருக்காது.

இதுவரை காப்பாளர் நடத்திய கணக்காக இருந்தால், இருப்பு இவ்வளவு என்று பிள்ளையிடம் வங்கி உறுதி பெறும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அன்றைய தேதி வரை என்ட்ரி போட்டு வாங்கி, மேலே சொன்னபடி ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.